செவ்வகப் பீம் யீல்ட் தாண்டி வளைஞ்சு, பாரத்தை எடுத்தபிறகு இழுபட்ட முகத்திலை நெருக்கல் எப்படி வருது?

கொக்குவில்_மாணவன்

வகுப்பிலை தந்த கணக்கு ஒண்டு. 25 மி.மீ அகலம், 50 மி.மீ உயரம் உள்ள மெல்லுருக்குப் பட்டை. யீல்ட் 250 மெகாபஸ்கால், யங்ஙின் மட்டு 200 கிகாபஸ்கால். நடு 25 மி.மீ மட்டும் மீள்தன்மையிலை இருக்க, மேலை 12.5, கீழை 12.5 மி.மீ யீல்ட் ஆகும்வரை வளைச்சு, பிறகு பாரத்தை முழுக்க எடுக்கிறது. பட்டை கீழ்நோக்கித் தொய்யுது, அதாலை கீழ்முகம் இழுவைப் பக்கம்.

விடைத்தாளிலை, பாரம் எடுத்தபிறகு கீழ்முகத்திலை 93.75 மெகாபஸ்கால் நெருக்கல் எண்டு இருக்கு. கணக்குப் போட்டால் எனக்கும் அதுதான் வருது. ஆனால் அந்த முகம் முழுக்க இழுபட்டு நிரந்தரமா நீண்டுபோன முகம். நீண்ட ஒண்டு எப்படி நெருக்கலிலை இருக்கும்? சமன்பாடு எழுதி விடை எடுக்கத் தெரியும், காரணம்தான் பிடிபடேல்லை. ஆராவது சொல்லுங்கோ.

இரும்பன்

தம்பி, இழுவைச் சோதனை வரைபை நினைச்சுப் பாரும். யீல்ட் தாண்டி இழுத்துப்போட்டு விட்டால், கோடு முதல் சரிவுக்குச் சமாந்தரமா இறங்கி அச்சிலை வந்து நிக்கும். அந்த இடத்திலை தகைப்பு பூச்சியம், விகாரம் மட்டும் மிச்சம். பீமிலையும் அதேதான் நடக்குது. பாரம் இல்லையெண்டால் தகைப்பும் இல்லை, வளைவு மட்டும் மிஞ்சும். 93.75 எண்டது பயிற்சிக் கணக்குக்காகப் போட்ட இலக்கம் போல இருக்கு.

நடு_அச்சு

இரும்பன் சொன்ன இறங்கு கோடு சரி. அது அச்சிலை வந்து நிக்கும் எண்டதுதான் இங்கை பொருந்தாது. இழுவைச் சோதனையிலை முழுக் குறுக்குவெட்டும் ஒண்டா நீளும், ஒண்டாத் தளரும், ஆரும் ஆரையும் பிடிச்சு வைக்கிறதில்லை. பீமிலை ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடை ஒட்டின இழை. தனக்கு விருப்பமான நீளத்துக்கு அதாலை தனியப் போகேலாது.

மாணவனின்ரை பட்டையிலையே 1 மீற்றர் நீளத் துண்டை எடுத்துப் பாப்பம். முழு நீளத்திலையும் ஒரே மோமென்ற் எண்டு வைப்பம். பாரத்தோடை நிக்கேக்க கீழ்முக இழை 2.5 மி.மீ நீண்டிருக்கும், ஏனெண்டால் விகாரம் 0.0025. அது யீல்ட் விகாரத்தின்ரை இரண்டு மடங்கு. நடு அச்சிலிருந்து 12.5 மி.மீ தள்ளி, யீல்ட்டின்ரை எல்லையிலை நிக்கிற இழை 1.25 மி.மீ நீண்டிருக்கும்.

இப்ப பாரத்தை எடுக்கிறம். ஒவ்வொரு இழையும் தனித்தனி எண்டால் கீழ்முக இழை 1.25 மி.மீ சுருங்கி, 1.25 மி.மீ நிரந்தர நீளத்தோடை நிக்கும். இதுதான் இரும்பன் சொன்ன இடம். எல்லையிலை நிண்ட இழை நிரந்தரமா ஒண்டும் நீளேல்லை, அது முழுசாப் பூச்சியத்துக்குப் போகப் பாக்கும். ஆனால் தளமா இருந்த குறுக்குவெட்டு தளமாவே நிக்கவேணும். அதாலை நடு அச்சிலிருந்து தூரம் கூடக் கூட நீட்சியும் நேர்கோட்டிலைதான் கூடலாம். 12.5 இலை பூச்சியம், 25 இலை 1.25 எண்டால் அது நடு அச்சிலை பூச்சியமா இருக்கிற ஒரே நேர்கோட்டிலை விழாது.

பட்டை கடைசியிலை போய் நிக்கிற இடம்: கீழ்முகம் 0.78 மி.மீ, எல்லை இழை 0.39 மி.மீ. கீழ்முக இழை 1.25 நீளம் கேக்குது, கிடைச்சது 0.78. மிச்சம் 0.47 மி.மீ அளவுக்கு அதை நடுப்பகுதி பிடிச்சு நெருக்கி வைச்சிருக்குது. எல்லை இழை பூச்சியம் கேக்குது, அதை வெளி இழைகள் 0.39 மி.மீ இழுத்து வைச்சிருக்குது. ஆயிரத்திலை 0.47 ஐ 200 கிகாபஸ்காலாலை பெருக்கினால் ஏறக்குறைய 94 மெகாபஸ்கால் நெருக்கல். 0.39 ஐப் பெருக்கினால் 78 இழுவை. உங்கடை 93.75 இதுதான்.

நீண்டுபோனபடியாலைதான் நெருக்கல். நீளாமல் இருந்திருந்தால் அதை நெருக்கி வைக்க ஒரு தேவையும் வந்திராது.

கொக்குவில்_மாணவன்

இப்ப நல்லா விளங்குது அண்ணை. ஆனால் 0.78 எண்டதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்? அது தெரியாமல் மிச்சத்தைச் சொல்லேலாதே.

நடு_அச்சு

பாரம் இல்லையெண்டால் குறுக்குவெட்டிலை மொத்த மோமென்றும் பூச்சியம். அந்த நிபந்தனை ஒரே ஒரு வளைவைத்தான் விடும். அதைத் தேடிப் பிடிக்கச் சுகமான வழி, பாரத்தை எடுக்கிறதை எதிர்த்திசையிலை அதே அளவு மோமென்ற் குடுக்கிறதா நினைக்கிறது. இறங்கேக்க எல்லா இழையும் மீள்தன்மையோடைதான் இறங்கும், அதாலை அந்த எதிர் மோமென்ற்றுக்குச் சாதாரண வளைவுச் சூத்திரமே போதும். கீழை My எண்டது முகம் யீல்ட் ஆகத் தொடங்கிற மோமென்ற், M எண்டது நாங்கள் ஏத்தின மோமென்ற்.

```
My = 250*25*50^2/6 = 2.604 kNm
M  = 1.5*My*(1 - (12.5/25)^2/3) = 1.375*My = 3.581 kNm
I  = 25*50^3/12 = 260417 mm^4

y (mm)    load      M*y/I     residual (MPa)
 0          0         0          0
12.5      250       171.9      +78.1
18.2      250       250          0
25        250       343.75     -93.75
```

வளைவு ஆரை பாரத்தோடை 10 மீற்றர், அதாவது மி.மீ ஒண்டுக்கு 0.0001. எதிர் மோமென்ற் திருப்பித் தாறது M/EI = 0.00006875. மிஞ்சிறது 0.00003125, அதின்ரை ஆரை 32 மீற்றர். இதை 25 ஆலை பெருக்கினால் கீழ்முக விகாரம் 0.00078.

விடை சரியோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு சோதனை. நடுக்கரு ஒருக்காலும் யீல்ட் ஆகேல்லை. அதாலை அங்கை மிஞ்சின தகைப்பு, மிஞ்சின வளைவோடை நேரடியாப் பொருந்தவேணும்: 200000 × 0.00003125 × 12.5 = 78.1. அட்டவணையிலையும் அதுதான் நிக்குது. இரண்டும் ஒத்துவராட்டில் தகைப்புக்கும் வளைவுக்கும் ஒரே M ஐப் பாவிக்கேல்லை எண்டு அர்த்தம். அனேகமா ஒரு இடத்திலை மட்டும் 1.375 க்குப் பதிலா 1.5 போட்டிருப்பியள்.

மேலும் கீழும் எதிர்மாறு. மேல்முகத்திலை 93.75 இழுவை, அதுக்கு உள்ளை 78.1 நெருக்கல். நடு அச்சோடை சேர்த்துத் தகைப்பு மூண்டு இடத்திலை பூச்சியம் ஆகுது. படம் கீறேக்க கனபேர் 18.2 மி.மீ புள்ளியை விட்டுப்போட்டு, முகத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நெருக்கலாக் கீறுவினம். அப்பிடிக் கீறினால் மோமென்ற் சமப்படாது.

நெல்லியடி_வெல்டர்

நீங்கள் எல்லாரும் வளைக்கிறதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். இரும்பு ஆலையிலை றோல் பண்ணி ஆறேக்கையே தகைப்போடைதான் வருது. வெல்டிங் போட்டால் இன்னும் கூடும். 600 பாகைக்கு ஏத்தி மெல்ல ஆறவிட்டால் எல்லாம் போயிடும். கணக்குப் போட என்ன இருக்கு?

நடு_அச்சு

அதுவும் எஞ்சிய தகைப்புத்தான், வந்த வழி வேறை. இந்தக் கேள்வி பட்டை தகைப்பில்லாமல் தொடங்குது எண்டு எடுத்துக்கொள்ளுது. ஆனால் நீங்கள் சொன்னதிலை பிரயோசனமான ஒண்டு இருக்கு. ஆலையிலை வந்த தகைப்பு பட்டைக்குள்ளை இருந்தால், முதல் யீல்ட் 2.60 கிலோநியூற்றன் மீற்றருக்கு முன்னமே தொடங்கிவிடும். பிறகு யீல்ட் ஆன வெளிப்பகுதியிலை பழைய தகைப்பின்ரை அடையாளமே இருக்காது. யீல்ட்டிலை நிக்கிற இழை, முன்னம் எதோடை வந்ததெண்டாலும் இப்ப 250 தான். பழசு நடுக்கருவுக்குள்ளை மட்டும் ஒளிஞ்சிருக்கும். அதாலை வெளிமுகத்திலை மிஞ்சிற 93.75 பெரிசா மாறாது, நடுவிலை மிஞ்சிறதுதான் மாறும்.

இன்னொண்டு. இந்தத் தகைப்பெல்லாம் தனக்குள்ளையே சமப்பட்டு நிக்கிறது. முழுக்க யீல்ட் ஆகிற மோமென்ற்றை, அதாவது 1.5My ஐ, இது குறைக்கவும் மாட்டுது கூட்டவும் மாட்டுது.

கொக்குவில்_மாணவன்

அப்ப அதே பட்டையைத் திரும்பப் பாரம் ஏத்தினால் என்ன நடக்கும்? பலம் கூடினது எண்டு ஒரு இடத்திலை வாசிச்சன், குறைஞ்சது எண்டு இன்னொரு இடத்திலை வாசிச்சன்.

நடு_அச்சு

இரண்டும் சரி, திசையிலைதான் வித்தியாசம்.

முதல் வளைச்ச அதே திசையிலை ஏத்தினால் கீழ்முகம் -93.75 இலிருந்து தொடங்குது. அது +250 க்குப் போக 343.75 தேவை. அதாலை 3.58 கிலோநியூற்றன் மீற்றர் வரைக்கும் புதிசா ஒரு இழையும் யீல்ட் ஆகாது. புதுப்பட்டை 2.60 இலையே யீல்ட் தொடங்கும்.

எதிர்த்திசையிலை ஏத்தினால் கீழ்முகத்துக்கு -250 க்குப் போக 156.25 தான் மிச்சம். 1.63 கிலோநியூற்றன் மீற்றரிலை யீல்ட் தொடங்கிவிடும். 3.58 உம் 1.63 உம் கூட்டினால் 5.21, அது 2.60 இன்ரை இரண்டு மடங்கு. ஒரு பக்கம் ஏறினது மற்றப் பக்கத்திலை அப்பிடியே இறங்கிது.

பாரம் எடுக்கேக்கையே எதிர் யீல்ட் வராதோ எண்டும் சிலர் யோசிப்பினம். செவ்வகத்திலை இறக்கம் கூடினபட்சம் 1.5 × 250 = 375. எதிர் யீல்ட்டுக்கு 500 இறங்கவேணும். அதாலை வராது. முழுக்க யீல்ட் ஆக்கி விட்டாலும் முகத்திலை மிஞ்சிறது 125 தான், யீல்ட்டின்ரை அரைவாசி.

குறுக்குக்கேள்வி

> பாரம் எடுக்கேக்கையே எதிர் யீல்ட் வராதோ எண்டும் சிலர் யோசிப்பினம் ... அதாலை வராது.

கடதாசியில் வராது. உலோகத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இழுத்து யீல்ட் ஆக்கிய உருக்கு, எதிர்ப்பக்கம் திரும்பும்போது 250 வரை நேர்கோட்டில் போவதில்லை, அதற்கு முன்பே வளையத் தொடங்கும். பௌஷிங்கர் விளைவு என்று இதற்கென ஒரு பெயரே இருக்கிறது. கீழ்முகம் +250 இலிருந்து -93.75 வரை இறங்கும் வழியில் கடைசிப் பகுதி நேராக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உண்மையில் மிஞ்சுவது 93.75 ஐ விடக் குறைவாக இருக்கும் என்பது என் கருத்து. எதிர்த்திசையில் 1.63 என்ற இலக்கத்தை நம்பி ஒன்றும் செய்யக்கூடாது.

இரண்டாவது, 250 என்பது பட்டியலில் உள்ள குறைந்தபட்சம். கையில் வரும் பட்டை 300 ஆகவும் இருக்கலாம். அப்போது இந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

நடு_அச்சு

இரண்டாவதுக்கு முதல் பதில், அது நினைக்கிற மாதிரி ஆட்டம் காணேல்லை. அதே 10 மீற்றர் ஆரைக்கு வளைச்சு, யீல்ட் 300 எண்டு போட்டுப் பாருங்கோ. நடுக்கருவின்ரை அரை உயரம் 12.5 இலிருந்து 15 மி.மீ ஆகும். மோமென்ற் புது My இன்ரை 1.32 மடங்கு. முகத்திலை 300 - 396 = -96. எல்லையிலை 62. முகத்துத் தகைப்பு 94 இலிருந்து 96 க்குத்தான் போச்சுது.

மாறினது வேறை ஒண்டு. மிஞ்சின வளைவு ஆரை 32 மீற்றரிலிருந்து 48 மீற்றருக்குப் போகுது. 1 மீற்றர் நேர்க்கோலை வைச்சு நடுவிலை இடைவெளி பாத்தால், பாரத்தோடை 12.5 மி.மீ இருந்தது 250 உருக்கிலை 3.9 மி.மீ க்குத் திரும்பும், 300 உருக்கிலை 2.6 மி.மீ க்குத் திரும்பும். கையிலை இருக்கிற பட்டையின்ரை யீல்ட் என்னெண்டு அறிய இது நல்ல வழி. பாரத்தோடை ஒருக்கா, பாரம் எடுத்து ஒருக்கா, ஒரே கோலாலை அளவெடுத்தால் போதும். எடுக்கேக்க இரண்டு விஷயம் கவனிக்கவேணும். அளக்கிற 1 மீற்றர் முழுக்க ஒரே மோமென்ற்றிலை இருக்கவேணும், அதாவது இரண்டு புள்ளியிலை பாரம் ஏத்தி அதுக்கு நடுவிலை அளக்கவேணும். தாங்கியிலிருந்து பாரப்புள்ளிக்கு அரை மீற்றர் எண்டால் ஒவ்வொரு புள்ளியிலையும் 7.16 கிலோநியூற்றன், ஏறக்குறைய 730 கிலோ எடை. தாங்கிகள் அமுங்கிறதையும் பட்டையின்ரை வளைவா எண்ணக்கூடாது. கோல் பட்டையிலையே இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை, நிலத்திலிருந்து அளந்தால் இருக்கு.

பௌஷிங்கர் விஷயம் நான் மறுக்கேல்லை. ஆனால் இங்கை கீழ்முகத்தின்ரை விகாரம் 0.0025 தான், நெருக்கல் பக்கம் போறதும் யீல்ட்டின்ரை 38 வீதம் மட்டும். அவ்வளவிலை விலகல் சின்னதா இருக்கும் எண்டு நினைக்கிறன்.

குறுக்குக்கேள்வி

0.0025 என்பதுதான் எனக்கு இடிக்கிறது. மெல்லுருக்கு யீல்ட் ஆகும்போது ஒரே சீராக 0.0025 என்று நீளாது. கோடு கோடாக யீல்ட் ஆகும். ஒரு கோடு 1 வீதத்துக்கு மேல் நீண்டு நிற்க, பக்கத்துக் கோடு இன்னும் யீல்ட் ஆகாமலே நிற்கும். 0.0025 என்பது இரண்டினதும் சராசரி. ஆலையில் சூட்டோடு படிந்த செதில் உள்ள பட்டையை வளைத்தால் செதில் கோடு கோடாக உரிவதில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படியானால் அந்த 93.75 எந்தக் கோட்டினுடையது? துளையிட்டு அளக்கும் ஒருவருக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு இலக்கம் வரும்.

நடு_அச்சு

சராசரிக்குரியது. வளைவையும் மோமென்ற்றையும் சொல்ல அந்தச் சராசரி போதும். ஒரு துளையிலை என்ன வரும் எண்டு சொல்லப் போதாது, அதை ஒத்துக்கொள்ளுறன்.

சுன்னாகம்_லேத்

எனக்கு வேறை ஒரு கேள்வி, ஆனால் உதோடை தொடர்பு இருக்கும்போலை. 40 மி.மீ சாவ்ற். கூனா இருந்ததைப் பிறெஸ்சிலை வைச்சு நிமித்தி, டயலிலை சரிபாத்து, பிறகு கீவே வெட்டினால் திரும்பக் கூனுது. கட்டர் சூடேறினதாலையோ, கிளாம்ப் இறுக்கினதாலையோ எண்டு யோசிச்சால், அது இரண்டும் இல்லாமல் மெல்ல வெட்டினாலும் அப்பிடித்தான். திரும்பக் கூனுறதும் எப்பவும் பழைய பக்கத்துக்கே. ஏன்?

நடு_அச்சு

பழைய பக்கத்துக்கே எண்டு சொன்னதிலையே விடை இருக்கு.

கூன் மேலை பாக்க வைச்சு, மேலிருந்து பிறெஸ் அமத்துது. நேராகிற இடத்தையும் தாண்டிக் கீழை அமத்தி விட்டால்தான் திரும்பி வந்து நேரா நிக்கும். மேலை போட்ட கணக்கிலை 10 மீற்றர் ஆரை 32 மீற்றருக்குத் திரும்பின அதே வேலை. அமத்தேக்க அடிப்பக்கம் இழுபட்டு யீல்ட் ஆகுது, மேல்ப்பக்கம் நெருக்குப்பட்டு யீல்ட் ஆகுது. விட்டபிறகு அடிமுகத்திலை நெருக்கல், மேல்முகத்திலை இழுவை. சாவ்ற் நேரா நிக்கிறதே இந்த இரண்டும் ஒண்டையொண்டு பிடிச்சு நிக்கிறதாலைதான்.

இப்ப கூன் இருந்த மேல்ப்பக்கத்திலை கீவே வெட்டுறியள். 40 மி.மீ சாவ்ற்றுக்கு 12 மி.மீ அகலம், 5 மி.மீ ஆழம். இழுவையிலை நிண்ட உலோகம் போட்டுது. அது பிடிச்சுச் சுருக்கி வைச்சிருந்த பக்கம் இப்ப நீளும், கூன் மேல்ப்பக்கமாத் திரும்பும். சரி, எதிர்ப்பக்கத்திலை, அடியிலை வெட்டுவம் எண்டு பாத்தால், அங்கை போறது நெருக்கலிலை நிண்ட உலோகம். அது தள்ளி நீட்டி வைச்சிருந்த அடிப்பக்கம் சுருங்கும். அடி சுருங்கினாலும் கூன் மேலைதான். எந்தப் பக்கம் வெட்டினாலும் பழைய கூனுக்கே போறதுக்குக் காரணம் இதுதான்.

தப்பிற இடம் பக்கவாட்டு. நிமித்தின தளத்துக்கு 90 பாகையிலை, நடு அச்சு முகத்தைச் சந்திக்கிற இடத்திலை கீவே வைச்சால், வெட்டுப்பட்டுப் போறதிலை பாதி இழுவை, பாதி நெருக்கல். இரண்டும் அனேகமா ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். அதாலை பிறெஸ்சிலை வைக்க முன்னம் கூன் பக்கத்தைச் சோக்கட்டியாலை குறிச்சு வையுங்கோ. நிமித்தின பிறகு எந்தப் பக்கம் கூன் எண்டு கண்ணாலை கண்டுபிடிக்கேலாது.

வட்டத்திலை இது செவ்வகத்தை விடக் கொஞ்சம் மோசம். செவ்வகத்துக்கு 1.5 எண்டது வட்டத்துக்கு 1.70. அதாலை முகத்திலை கூடினபட்சம் யீல்ட்டின்ரை 70 வீதம் வரைக்கும் மிஞ்சலாம்.

சுன்னாகம்_லேத்

பக்கவாட்டிலை வைக்கேலாத வேலை எண்டால்? சாவ்ற்றிலை ஏற்கெனவே ஒரு முனையிலை கீவே இருக்கு, மற்ற முனையிலையும் அதே நேர்லை வரவேணும்.

நெல்லியடி_வெல்டர்

காஸ் ரோச்சாலை சுத்திச் சுத்திச் சூடாக்கி விடுங்கோ. இறங்கும்.

நடு_அச்சு

ரோச் வேண்டாம். ஒரு பக்கம் முதல் சூடேறி நீளப் பாக்க, குளிர்ந்த பக்கம் அதைத் தடுக்க, சூடான பக்கம் நெருக்குப்பட்டு யீல்ட் ஆகும். ஆறேக்க அங்கை புது இழுவை. பழசை எடுக்கப் போய்ப் புதுசு வைக்கிற வேலை. கூனை நிமித்தவே ரோச் பாவிக்கிறது இந்தக் குணத்தை வைச்சுத்தான்.

முழுச் சாவ்ற்றும் போற உலை வேணும். 600 பாகை அளவுக்கு மெல்ல ஏத்தி, 25 மி.மீ தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் எண்ட கணக்கிலை வைச்சு, உலைக்குள்ளையே ஆறவிடவேணும். 40 மி.மீ க்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலை. நீளத்துக்கும் தாங்கி குடுக்கவேணும், இல்லாட்டில் அந்தச் சூட்டிலை தன்ரை பாரத்திலையே தொய்யும். எல்லா இழையும் ஒரே விகிதத்திலை தளர்ந்தால் வடிவம் மாறாது. ஆனால் உயர்ந்த தகைப்பு வேகமாத் தளரும், அதாலை கொஞ்சம் அசையத்தான் செய்யும். உலையாலை எடுத்தபிறகு திரும்ப டயலிலை பாத்துத்தான் கீவே வெட்டவேணும். அசைஞ்சதைத் திரும்பப் பிறெஸ்சிலை நிமித்தினால் பழையபடி முதல்லையிருந்து தொடங்கினது மாதிரி. கடைசலிலை எடுக்க ஒரு மி.மீ மிச்சம் விட்டு வையுங்கோ.

உலைக்குக் குடுக்க முன்னம் சாவ்ற் என்ன உருக்கு எண்டு பாக்கவேணும். கடினப்படுத்தித் தணிச்ச உருக்கு எண்டால், தணிச்ச வெப்பநிலைக்கு மேலை போனால் கடினம் இறங்கிவிடும்.

இரும்பன்

ஒரு சந்தேகம். அவர் வாங்கிறது பளபளப்பான இழுத்த றொட் எண்டால்? அதிலை பிறெஸ்சிலை நிமித்தாமலே கீவே வெட்டினாலும் கூனும்.

நடு_அச்சு

ஓம், அது நல்ல கேள்வி. குளிரிலை இழுத்த றொட்டிலை முகம் சுத்திவர இழுவையோடை வருது. அதிலை எந்தப் பக்கம் கீவே வெட்டினாலும் வெட்டின பக்கம் நீண்டு அந்தப் பக்கமாக் கூனும். நிமித்தினதாலை வந்தது எண்டால் கீவே எங்கை இருந்தாலும் பழைய கூன் பக்கத்துக்குப் போகும். லேத் அண்ணை சொன்னது இரண்டாவது. ஆனால் அவர் எப்பவும் கூன் பக்கத்திலைதான் கீவே வெட்டினாரோ எண்டு அவர்தான் சொல்லவேணும். அப்பிடி எண்டால் இரண்டையும் பிரிச்சு அறிய வழியில்லை.

சுன்னாகம்_லேத்

அதைப் பாத்து வைக்கேல்லை. குறிச்சு வைச்சு அடுத்ததிலை எதிர்ப்பக்கம் வெட்டிப் பாக்கிறன்.

கொக்குவில்_மாணவன்

அப்ப எங்கடை பட்டையிலையும் ஒரு பக்கம் சீவினால் இதேதானே நடக்கும்? கீழ்முகத்திலை 2 மி.மீ சீவினால் எவ்வளவு நிமிரும் எண்டு கணக்குப் பாக்கலாமோ?

நடு_அச்சு

பாக்கலாம். கீழ் 2 மி.மீ இலை தகைப்பு 66 இலிருந்து 94 வரை நெருக்கல், சராசரி 80. 25 மி.மீ அகலத்துக்கு 4 கிலோநியூற்றன். மிச்சம் 48 மி.மீ பட்டையின்ரை புது நடுவிலிருந்து அது 25 மி.மீ தூரத்திலை இருந்தது. மோமென்ற் 0.1 கிலோநியூற்றன் மீற்றர். 48 மி.மீ பட்டைக்கு வளைவு 0.0000022 ஆலை குறையும், 1 மீற்றர்க் கோலிலை 0.27 மி.மீ. 3.9 மி.மீ தொய்வு 3.6 க்கு வரும். நிமித்தினது பழசுக்குப் போற மாதிரி, வளைச்சதும் பழசுக்குத்தான் போகுது, பட்டையின்ரை பழசு நேர்க்கோடு.

இப்பிடிச் சீவிச் சீவி ஒவ்வொரு முறையும் கோலிலை அளந்தால், உள்ளுக்கை இருந்த தகைப்பைத் திரும்பக் கணிக்கலாம். சீவிறது மெல்லிசா, கூரான கட்டராலை இருக்கவேணும். மழுங்கின கட்டர் தானே முகத்திலை புதுத் தகைப்பு வைக்கும், பிறகு அளக்கிறது பட்டையை இல்லை, கட்டரை.

கொக்குவில்_மாணவன்

கடைசியா ஒண்டு. எங்களுக்குச் செய்முறையிலை இருக்கிறது நடுவிலை ஒரு பாரம் மட்டும் ஏத்திற சட்டம், 2 மீற்றர் இடைவெளி. அதிலை செய்தால் 3.9 மி.மீ வருமோ?

நடு_அச்சு

வராது. நடுவிலை 7.16 கிலோநியூற்றன் வைச்சால் அங்கை அதே 3.58 மோமென்ற் வரும், ஆனால் தாங்கியை நோக்கிக் குறைஞ்சுகொண்டு போகும். 2.60 க்குக் கீழை இறங்கின இடத்திலை யீல்ட் இல்லை. கணக்குப் போட்டால் நடுவிலை 27 வீதம், ஏறக்குறைய 545 மி.மீ நீளம் மட்டும்தான் யீல்ட் ஆகும். அதுக்குள்ளையும் நடுக்கரு நடுப்புள்ளியிலைதான் 25 மி.மீ, இரு பக்கமும் போகப் போக 50 க்கு விரியும். பாரத்தை எடுத்தால் அந்த 545 க்கு வெளியிலை பட்டை நேர்க்கோடாவும் தகைப்பில்லாமலும் நிக்கும். 93.75 நடுப்புள்ளிக் குறுக்குவெட்டுக்கு மட்டும் பொருந்தும்.

குறுக்குக்கேள்வி

அந்த நடுப்புள்ளியிலும் பாரம் வைக்கும் உருளை மேல்முகத்தை நசுக்கியிருக்கும். அந்தக் குறுக்குவெட்டில் தளம் தளமாக நிற்கும் என்பதே சந்தேகம். அளப்பதென்றால் நடுவிலிருந்து ஒரு பட்டை உயரம், 50 மி.மீ, தள்ளி அளக்கவும். அங்கே மோமென்ற் 5 வீதம் குறைவு, அதைக் கணக்கில் எடுத்தால் போதும்.

கொக்குவில்_மாணவன்

5 வீதம் குறைச்சுப் போட்டுப் பாத்தன். மோமென்ற் 3.40, நடுக்கருவின்ரை அரை உயரம் 15.6 மி.மீ, முகத்திலை 77 நெருக்கல். சரியோ அண்ணை?

நடு_அச்சு

சரி. எல்லை இழையிலை எவ்வளவு வருது எண்டும் போட்டு, மிஞ்சின வளைவோடை ஒத்துப் பாரும்.